எதிரொலி யார் வீட்டில் பிறக்கிறது?

வீடியோ அழைப்பில் நாம் பேசியது சற்றுப் பொறுத்து நமக்கே திரும்பக் கேட்டால், முதல் வேலையாக நம் போனைத்தான் நோண்டுகிறோம். சத்தத்தைக் குறைத்துப் பார்க்கிறோம், மைக் ஓட்டையை ஊதுகிறோம், இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டே அழைப்பைத் துண்டித்து மறுபடி போடுகிறோம். பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. கோளாறு நம்மிடம் இருந்தால்தானே மாறும்? நம் குரல் நமக்கே கேட்கிறது என்றால், அது அநேகமாக எதிர்முனையில் இருப்பவரின் அறையில் பிறந்த எதிரொலி.

அந்தக் குரல் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் இது எளிதில் விளங்கும். நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் மைக் அதை வாங்கி, இணையம் வழியாக எதிர்முனைக்கு அனுப்புகிறது. அங்கே ஸ்பீக்கரில் உங்கள் குரல் ஒலிக்கிறது. அதே அறையில் அவருடைய மைக்கும் திறந்திருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி சுவரிலும் தரையிலும் மேசையிலும் பட்டு அந்த மைக்குக்குள் நுழைகிறது. மைக்குக்கு யார் குரல் என்ற பேதம் கிடையாது. தன் காதில் விழுந்ததையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. உங்கள் குரல் உங்களிடமே வந்து சேர்கிறது.

லேப்டாப்பைப் பாருங்கள். ஸ்பீக்கர் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பேசுகிறவரின் வாய் இரண்டு அடிக்கு அப்பால் இருக்கிறது. சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தால், அந்த மைக்குக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைவிட வெளிநாட்டிலிருந்து பேசுகிறவரின் குரல்தான் பலமாகக் கேட்கும். இப்படி இருந்தும் பெரும்பாலான அழைப்புகளில் எதிரொலி வருவதில்லை. அதற்குக் காரணம் போனுக்குள்ளும் ஜூம், மீட் போன்ற செயலிகளுக்குள்ளும் இயங்கும் எதிரொலி நீக்கி என்ற மென்பொருள். அது தோற்கும்போதுதான் நமக்கு எதிரொலி கேட்கிறது. அது எங்கே தோற்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதற்கு முன், தாமதம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் குரல் சுமார் 30 மில்லிநொடிக்குள் காதுக்குத் திரும்பினால் மூளை அதைத் தனிக் குரலாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பேசிய குரலோடு சேர்த்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் பிரிந்து கேட்கத் தொடங்கும். 200 மில்லிநொடி வாக்கில் வந்தால் பேச்சே தடுமாறும். சரளமாகப் பேசுகிறவர்கூட இழுத்து இழுத்துப் பேசுவார், சொன்ன எழுத்தையே திரும்பச் சொல்வார். 1950ல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் இதைப் பதிவு செய்தார். எதிரொலியோடு பத்து நிமிடம் பேசியதும் ஏன் அப்படிக் களைத்துப் போகிறோம் என்பதற்கு இதுதான் விடை. ஈரோட்டுக்கும் டொராண்டோவுக்கும் இடையே குரல் போய்த் திரும்ப, கடலடிக் கம்பிகளின் தூரமும் இரண்டு பக்கக் கருவிகள் குரலைச் சேர்த்துவைத்து அனுப்பும் நேரமுமாக, அரை நொடி வரை ஆகிவிடும்.

ஈரோட்டையும் டொராண்டோவையும் சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் அழைப்பு அது. பெற்றோர் ஈரோட்டில், மகள் டொராண்டோவில், மகன் பெங்களூருவில். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் லேப்டாப்பை டி.வி.யில் இணைத்து, டி.வி. ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்பார். அம்மா சமையலறையில் வேலையாக இருந்தாலும் பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தன் போனிலிருந்தும் அதே அழைப்பில் சேர்ந்திருப்பார்.

"அப்பா, நான் பேசறது எனக்கே ரெண்டு ரெண்டு தடவை கேக்குது. உங்க பக்கம் எக்கோ அடிக்குதுங்கப்பா" என்றாள் மகள்.

"இங்க ஒண்ணும் இல்லையே கண்ணு. எனக்கு நல்லாத் தெளிவாத்தான் கேக்குது" என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையே துப்பு. எதிரொலி பிறக்கிற வீட்டில் அது கேட்காது. அங்கே மகளின் குரல் ஸ்பீக்கரில் ஒரு முறைதான் ஒலிக்கிறது. அது மைக்கில் ஏறித் திரும்பிப் போவது அங்கிருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் மூன்று நான்கு பேர் சேர்ந்த அழைப்பில், மற்றவர்கள் எல்லாம் எக்கோ என்று புலம்பும்போது "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று யார் சொல்கிறாரோ, முதலில் சந்தேகிக்க வேண்டியது அவருடைய அறையைத்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கவும் முடியும். பெரும்பாலான செயலிகளில் யார் பேசுகிறாரோ அவருடைய படத்தைச் சுற்றி வண்ணக் கட்டம் ஒளிரும், அல்லது பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கோடுகள் துடிக்கும். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு திரையைப் பாருங்கள். உங்கள் கட்டம் அணைந்த மறுகணம், வாயே திறக்காத ஒருவரின் கட்டம் ஒளிர்ந்தால் எதிரொலி அவரிடமிருந்து வருகிறது. உங்கள் குரல் அவர் மைக் வழியாக வருவதால் செயலி அதை அவருடைய பேச்சு என்றே நினைக்கிறது. ஈரோட்டு அழைப்பில் மகள் இப்படிப் பார்த்தபோது, அவள் பேசி முடித்ததும் அம்மாவின் கட்டமும் அப்பாவின் கட்டமும் மாறி மாறி ஒளிர்ந்தன. பெங்களூருத் தம்பியின் கட்டம் அசையவே இல்லை.

கட்டம் ஒளிராத செயலியாக இருந்தால், ஒவ்வொருவராக மைக்கை மியூட் செய்யச் சொல்லிக்கொண்டே பேசிப் பார்க்கலாம். யார் மியூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ அவர் பக்கம்தான். பெரிய கூட்டம் என்றால் அதை நடத்துகிறவர் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு ஒவ்வொருவராகத் திறந்து பார்ப்பதே வேகமான வழி.

இனி எதிரொலி நீக்கி என்ன செய்கிறது என்று பார்ப்போம். கடையில் தூக்குப் பாத்திரத்தில் எண்ணெய் வாங்கும்போது, கடைக்காரர் காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றியபின் வரும் எடையிலிருந்து அதைக் கழிப்பார். நீக்கியும் கழித்தல் கணக்குத்தான் போடுகிறது. ஸ்பீக்கருக்கு எந்த ஒலி போகிறது என்பது அந்த லேப்டாப்புக்கே தெரியும், அனுப்புவது அதுதானே. அந்த ஒலி அறையைச் சுற்றி மைக்குக்கு வரும்போது எப்படி மாறியிருக்கும் என்று மதிப்பிட்டு, மைக்கில் வந்த மொத்த ஒலியிலிருந்து அதைக் கழிக்கிறது. மிஞ்சுவது எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரல் மட்டும். பாத்திரத்தின் எடை தெரியாவிட்டால் கடைக்காரரால் கழிக்க முடியாது. ஸ்பீக்கரில் என்ன ஒலித்தது என்று தெரியாவிட்டால் நீக்கியாலும் முடியாது.

ஆனால் பாத்திரத்தின் எடை ஓர் எண், அறையின் எதிரொலிக்கு அப்படி ஓர் எண் போதாது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஸ்பீக்கரிலிருந்து நேராக மைக்குக்கு வருவது ஒரு மில்லிநொடியில் வந்துவிடும். எதிர்ச் சுவரில் பட்டு வருவதற்கு இருபது முப்பது மில்லிநொடி. இரண்டு மூன்று சுவர்களில் மோதி வருவதற்கு இன்னும் அதிகம். ஒவ்வொன்றும் வேறு வேறு பலத்தில் வரும். நொடிக்கு 16,000 மாதிரிகளாகக் குரலை எடுக்கும் ஒரு நீக்கி, 100 மில்லிநொடி நீளமுள்ள எதிரொலியைக் கணிக்க 1,600 எண்களை வைத்திருக்க வேண்டும். அந்த எண்களை யாரும் முன்கூட்டியே தருவதில்லை. பேசப் பேச, கழித்தது போக என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அந்த மிச்சம் குறையும் திசையில் எண்களைத் திருத்திக்கொண்டே போகிறது. அழைப்பு தொடங்கிய முதல் சில நொடிகளில் எதிரொலி கேட்டுப் பிறகு தானாக மறைவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நீக்கி அறையைப் படித்துக்கொண்டிருந்தது. யாராவது லேப்டாப்பைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் எதிரொலி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். படித்ததை மறந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

இந்த முறை வீடியோ அழைப்புக்காகப் பிறந்ததல்ல. 1960களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசிப் பேச்சு போகத் தொடங்கியபோது, பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரம் வரை குரல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. போய்த் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆனது. அதற்கு முன்பு இருந்த ஏற்பாடு முரட்டுத்தனமானது. ஒருவர் பேசும்போது மற்றவரின் வழியை அடைத்துவிடும். இருவரும் சேர்ந்து பேசினால் சொற்கள் வெட்டுப்படும். வழியை அடைக்காமல் எதிரொலியை மட்டும் கழித்தெடுக்கும் முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் மான் மோகன் சோந்தி. இந்தியாவில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். தானே கற்றுக்கொள்ளும் எதிரொலி நீக்கி பற்றிய அவருடைய கட்டுரை 1967ல் வந்தது. இன்று கோடிக்கணக்கான போன்களுக்குள் நடப்பது அந்தக் கழித்தலின் வளர்ந்த வடிவம்தான். அவர் பெயர் நம் ஊரில் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

ஈரோட்டு வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பெரியது அம்மாவின் போன். சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையே கதவு இல்லை. மகளின் குரல் டி.வி.யில் ஒலித்து அம்மாவின் போன் மைக்கில் ஏறுகிறது. அம்மாவின் போனில் ஒலித்து லேப்டாப் மைக்கில் ஏறுகிறது. போனிலுள்ள நீக்கிக்குத் தன் ஸ்பீக்கரில் வருவது மட்டுமே தெரியும். டி.வி.யில் சற்று முன்னே பின்னே வருவது அதன் கணக்கில் சேராத ஒலி, எனவே அறையில் இருக்கும் ஒரு மனிதரின் பேச்சு என்று எண்ணி நேர்மையாக அனுப்பிவைக்கிறது. ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே அழைப்பில் சத்தத்தோடு இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த போனாக இருந்தாலும் எதிரொலி வரும். சில நேரம் அப்பா பேசுவது அம்மாவின் போனில் ஒலித்து, அது லேப்டாப்பில் ஏறி, மறுபடி போனில் ஒலித்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, கோயில் திருவிழா மைக்செட்டில் கேட்பது போன்ற கூச்சல் கிளம்பும்.

அம்மா தன் மைக்கை மட்டும் மியூட் செய்தார். எதிரொலி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் குழம்பிப் போகிறார்கள். மைக்கை மூடினால் பாதி வழிதான் அடைபடும். அவர் போனின் ஸ்பீக்கர் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது, லேப்டாப் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. போனின் சத்தத்தையும் அடியோடு அணைத்தபின்தான் பலமான எதிரொலி போனது. இரண்டாவது கருவி படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால், மைக், சத்தம் இரண்டையும் அணைத்தே சேர வேண்டும். கூகுள் மீட்டில் இதற்கென்றே "Companion mode" என்ற வழி உண்டு. அதில் சேர்ந்தால் அந்தக் கருவியின் மைக்கும் சத்தமும் இரண்டுமே வேலை செய்யாது. ஜூமில் சேரும்போது ஆடியோவை இணைக்கச் சொல்லிக் கேட்கும் பெட்டியை மூடிவிட்டால் போதும். அம்மாவுக்குப் பேசவும் வேண்டும் என்றால் அவர் இயர்போன் மாட்டிக்கொண்டு, ஹாலிலிருந்து வரும் சத்தம் எட்டாத அறைக்குப் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

அதற்குப் பிறகும் மகளுக்கு மெல்லிய எதிரொலி ஒன்று மிச்சமிருந்தது. அது டி.வி.யின் வேலை. லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளில் டி.வி.யோடு இணைத்தால் படத்தோடு ஒலியும் தானாக அங்கே போய்விடும். டி.வி. அந்த ஒலியைப் படத்தோடு பொருத்துவதற்காகத் தாமதப்படுத்தும், 'சினிமா', 'சரவுண்ட்' என்று தன் இஷ்டத்துக்கு மெருகேற்றவும் செய்யும். லேப்டாப்பில் இருக்கும் நீக்கிக்குத் தான் அனுப்பிய ஒலி தெரியும். டி.வி. அதை எப்படி மாற்றி எப்போது வெளியே விட்டது என்பது தெரியாது. மதிப்பிட்ட நேரத்துக்குள் எதிரொலி வந்து சேராவிட்டால் கழித்தல் தவறிப்போகும். புளூடூத் ஸ்பீக்கரிலும் இதே கதைதான். அதில் தாமதம் 100 முதல் 300 மில்லிநொடி வரைகூட இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒலியை வெளியே விடும் டி.வி.க்கு ஒரு கடிகாரம், மைக் இருக்கும் லேப்டாப்புக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று வைத்துக்கொண்டாலும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. லட்சத்தில் ஐந்து பங்கு வித்தியாசம் இருந்தால்கூட நிமிடத்துக்கு 3 மில்லிநொடி விலகும், பத்து நிமிடத்தில் 30. நல்ல நீக்கிகள் இந்த விலகலைத் துரத்திப் பிடிக்கும், எல்லா நேரமும் பிடித்துவிடாது. அழைப்பு தொடங்கும்போது சரியாக இருந்து, போகப் போக எதிரொலி தலைகாட்டினால் இப்படிப்பட்ட தனி ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள்.

தீர்வு எளிமையாகவே இருந்தது. படம் டி.வி.யிலேயே இருக்கட்டும், ஒலியை மட்டும் லேப்டாப்புக்குத் திருப்ப வேண்டும். செயலியின் ஆடியோ அமைப்பில் "Speaker" என்ற இடத்தில் டி.வி.யின் பெயர் இருந்தது. அதை மாற்றி லேப்டாப்பின் ஸ்பீக்கரைத் தேர்ந்ததும் எதிரொலி அடியோடு நின்றது. ஆனால் அப்பாவுக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கரின் சத்தம் போதவில்லை. அதற்காக லேப்டாப்பின் இயர்போன் துளையில் கம்பி வைத்த ஒரு ஜோடி ஸ்பீக்கரைச் செருகி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், லேப்டாப் மைக்கிலிருந்து தள்ளி வைத்தார்கள். இதில் இரண்டு நன்மை. அந்த ஒலி மைக்கின் ஒலியைக் கையாளும் அதே சில்லு வழியாகவே போவதால் கடிகார விலகல் இல்லை. ஸ்பீக்கர் காதுக்கு அருகில் இருப்பதால் சத்தத்தை அவ்வளவு கூட்டத் தேவையும் இல்லை. செலவு செய்ய மனமிருந்தால், மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே டப்பாவில் வரும் யு.எஸ்.பி. ஸ்பீக்கர்போன் இன்னும் நல்லது. அலுவலகக் கூட்ட அறைகளில் மேசை நடுவே தட்டை வடிவத்தில் இருக்குமே, அதுதான். எதிரொலி நீக்கி அதற்குள்ளேயே இருக்கும், தன் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் அதற்கு அத்துப்படி.

சத்தத்தைக் கூட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனி ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்களுக்கு எதிரொலி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். போனில் இருக்கும் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை முழுச் சத்தத்தில் ஓட்டினால் திணறிக் கரகரக்கும். அனுப்பிய ஒலியில் இல்லாத புதிய ஒலிகளை அதுவே உண்டாக்கும். இல்லாததைக் கழிக்க முடியாது. அதனால் நீக்கி கைவிடும் மிச்சத்தை அடக்க இன்னொரு மென்பொருள் பாய்கிறது. அது எதிரொலி வரும் நேரமெல்லாம் மைக்கின் சத்தத்தையே சட்டென்று குறைத்துவிடும். அப்போது எதிரொலி போகும், கூடவே நீங்கள் குறுக்கே பேசிய "ஆமாம்", "சரி"யும் போகும். "நீ பேசறது முழுங்கி முழுங்கி வருது" என்று எதிர்முனையில் சொன்னால், பல நேரம் சிக்னல் காரணமல்ல, உங்கள் ஸ்பீக்கரின் சத்தம்தான் காரணம். இரண்டு மூன்று படி குறைத்துப் பாருங்கள். எதிரொலிக்கும் இந்த விழுங்கலுக்கும் சேர்த்து நான் முதலில் சொல்வது இதைத்தான்.

போனை வெறும் மேசைமேல் மல்லாக்கப் போட்டால் பலகையே அதிர்ந்து மைக்குக்கு ஒலியைக் கடத்தும். கீழே ஒரு மடித்த துண்டைப் போடுங்கள். தடித்த உறை மாட்டிய போனில், ஸ்பீக்கர் ஒலி உறைக்கும் போனுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகவே மைக்குக்குப் போய்விடுவதுண்டு. உறையைக் கழற்றி ஒரு முறை பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறையையும் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், இரண்டே நாற்காலி என்று இருக்கும் புது வீட்டு ஹாலில் கைதட்டினால் ஒலி அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். நீக்கி கணக்கில் வைத்திருப்பது அதில் ஒரு பகுதியைத்தான். மிச்ச வால் பகுதி கழிபடாமல் மங்கலாகத் திரும்பிப் போகும். மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி இருக்கும் படுக்கையறையில் அதே போன், அதே செயலி தெளிவாக வேலை செய்யும். மின்விசிறி தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தால் நீக்கி அறையைப் படிப்பதும் மெதுவாகும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் குரல் எதிர்முனைக்குப் போய்த் திரும்பும் எதிரொலி. நம் பக்கமே பிறக்கும் எதிரொலியும் ஒன்று உண்டு. அடையாளம் எளிது. தாமதமே இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே குடத்துக்குள் பேசுவது போல நம் குரல் நமக்குக் கேட்கும். எல்லோரும் மியூட் செய்தபிறகும், அழைப்பைத் துண்டித்தபிறகும்கூடக் கேட்கும். விண்டோஸ் கணினியில் இதற்கு வழக்கமான காரணம், மைக்கில் வருவதை ஸ்பீக்கரிலேயே விடச் சொல்லும் ஓர் அமைப்பு யார் கையாலோ இயக்கப்பட்டிருப்பது. விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் பலகையில் "Recording" பகுதிக்குப் போய், உங்கள் மைக்கை இரு முறை சொடுக்கி, "Listen" என்ற பக்கத்தில் "Listen to this device" என்பதில் இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். அதே "Recording" பட்டியலில் "Stereo Mix" என்று ஒன்று இருந்து, செயலி மைக்குக்குப் பதிலாக அதைத் தேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கணினியில் ஒலிப்பதை எல்லாம் அப்படியே அனுப்பிவிடும், எதிரே இருப்பவர்கள் தங்கள் குரலை முழுப் பலத்தோடு கேட்பார்கள். செயலியில் உங்கள் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

இயர்போன் மாட்டினால் எதிரொலி நிற்கும் என்பது பெரும்பாலும் சரி. ஒலி அறைக்குள்ளேயே வராதபோது மைக்கில் ஏற எதுவும் இல்லை. ஆனால் இயர்போன் போட்டும் எதிர்முனையில் எக்கோ என்று சொன்னால் பின்னைப் பாருங்கள். நான்கு வளையமுள்ள அந்தப் பின்னில் காதுக்குப் போகும் ஒலிக்கும் மைக்குக்கும் ஒரே தரைக்கம்பி பொது. பின் முழுவதும் உள்ளே போகாமல் இருந்தாலோ, துளையில் தூசி அடைந்திருந்தாலோ, மலிவான கம்பியாக இருந்தாலோ ஒலி மின்சாரமாகவே கசிந்து மைக் பக்கம் போய்விடும். துடைத்து, அழுத்திச் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் வேறு இயர்போன்தான்.

இணையத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் கற்பவர்களுக்கு ஒன்று. ஜூமில் "Original sound for musicians" என்ற அமைப்பைப் போட்டால் சுருதி, கமகம் எல்லாம் செயலியின் கத்தரிக்கோலுக்குத் தப்பி இயல்பாகப் போகும். இசை வகுப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதனுடன் இருக்கும் "Echo cancellation" தேர்வையும் அணைத்துவிட்டால் கழித்தல் நடக்காது. அப்படி வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது, இரு பக்கமும் இயர்போன் கட்டாயம். வகுப்பு முடிந்ததும் அணைக்க மறந்து, மறுநாள் உறவினரோடு பேசும்போது எதிரொலி வந்து திண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இனி, எதிர்முனையில் இருப்பவர் வயதானவர், அமைப்பு எதையும் அவரால் மாற்ற முடியாது என்றால்? அவரிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: "ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு, போனைக் காதுல வெச்சுப் பேசுங்க." முகம் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றால் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, போனைக் கையில் பிடித்து முகத்துக்கு அருகே வைக்கச் சொல்லலாம். ஸ்பீக்கரின் சத்தம் குறைந்து வாய் மைக்கை நெருங்கும்போது நீக்கிக்குக் கணக்கு எளிதாகிறது. கேட்பது கொஞ்சம் சன்னமாகும் என்பதால், நீங்கள்தான் மைக்குக்கு அருகே வந்து, நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமலும் இருங்கள். இருவர் குரலும் மோதும் நேரத்தில்தான் நீக்கி மிகவும் தடுமாறும்.